புதிய திகதியைக் கேட்கும்போது பழைய திகதியை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

வாசகர் கடிதம்

நான் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்வனவு உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் பெயர் அச்சிட்ட 60,000 அட்டைப்பெட்டிகளை, ஒன்று 165 ரூபாய் வீதம், மே 9 ஆம் திகதிக்குள் ஒரே தடவையில் தரவேண்டும் என்று உள்ளூர் வழங்குநர் ஒருவருடன் ஒப்பந்தம். 30 வீதம் முற்பணம் கொடுத்து, அதற்கு யூன் 30 வரை செல்லுபடியாகும் வங்கி உத்தரவாதம் வாங்கியிருக்கிறோம். தாமதமானால் வாரத்துக்கு 0.5 வீதம், உச்சமாக 5 வீதம் நட்டஈடு. மே 16 இல் 15,000 பெட்டிகள் மட்டும் வந்தன, எடுத்துக்கொண்டோம். காகிதம் ஏற்றிய கப்பல் பிந்திவிட்டது என்கிறார்கள். மிகுதியை யூனில் பகுதி பகுதியாகத் தரலாம், ஆனால் விலையை 6 வீதம் கூட்டவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். முகாமையாளர் இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார். நான் எழுதி வைத்திருப்பது இதுதான்:

"உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் ஏற்பட்ட தாமதத்தை நாம் புரிந்துகொள்கிறோம். மிகுதி 45,000 பெட்டிகளையும் யூன் மாதத்துக்குள் இயன்றளவு விரைவாக வழங்கச் சம்மதிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இது வெறும் மின்னஞ்சல்தானே, தேவைப்பட்டால் பிறகு சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதனால் நட்டஈட்டு உரிமை போய்விடுமா?

*(பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர், கொழும்பு)*

சட்டத்தரணியின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த மின்னஞ்சலை இன்று அனுப்பாதீர்கள். முகாமையாளரிடம் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் உங்கள் நிறுவனம் இப்போது கையில் வைத்திருக்கும் உரிமைகளில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. அதுவும், எதிர்த்தரப்பு கேட்காமலே நீங்களாகக் கொடுத்துவிடுகிறீர்கள்.

"வெறும் மின்னஞ்சல்தானே" என்ற எண்ணத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்த பின்னர், ஒரு தொடர்பாடல் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்டவலுவை மறுக்க முடியாது. ஒப்பந்தம் ஒன்றையே மின்னஞ்சலில் செய்துகொள்ள முடியுமென்றால், செய்த ஒப்பந்தத்தின் திகதியை மின்னஞ்சலில் மாற்றிக்கொள்ளவும் முடியும். உங்கள் கொள்வனவு ஓடரின் பின்பக்க நிபந்தனைகளில், திருத்தங்கள் இருதரப்பும் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்கவேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்னஞ்சல் சம்மதத்துக்குப் பின் திருத்திய ஓடர் ஒன்றையும் கையொப்பமிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாசகம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி மின்னஞ்சலில் எதையும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். சம்மதம் என்ற அளவில் அது எடுபடாமல் போகலாம். நீங்கள் எழுதிய ஒப்புதல் என்ற அளவில் அது வழக்கேட்டில் ஒரு சான்றாக வந்து நிற்கும்.

உங்கள் மூன்று வாக்கியங்கள்

"உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால்" என்ற சொற்றொடரை நீங்கள் ஒரு நாகரிகத்துக்காக எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தங்களில் இதே சொற்றொடர்தான் தவிர்க்க முடியாத நிகழ்வு பற்றிய வாசகத்தின் வழமையான மொழி. உங்கள் ஓடரிலும் அப்படி ஒரு வாசகம் இருக்கக்கூடும். அப்படியிருந்தால், தாமத நட்டஈட்டிலிருந்து வழங்குநரை விடுவிக்கும் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று கொள்வனவாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். காகிதக் கப்பல் பிந்தியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் காகிதத்தை எப்போது ஓடர் செய்தார், மே 9 ஐச் சந்திக்கக்கூடிய நாளில் செய்தாரா, உள்ளூரில் வேறு காகிதம் கிடைத்திருக்குமா என்பவற்றை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டு விடுமுறையில், காகிதத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டு மே மாதத்தில் கப்பலைக் குறைசொல்பவர்களும் இருக்கிறார்கள். கப்பல் ஆவணங்களின் பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள திகதிகள் கதையைச் சொல்லிவிடும். அதுவரை நீங்கள் எழுதக்கூடியது, "காகித இறக்குமதி தாமதமானதாக நீங்கள் தெரிவித்துள்ளீர்கள்" என்பது மட்டுமே. "தெரிவித்துள்ளீர்கள்" என்ற அந்த ஒரு சொல் உங்கள் ஒப்புதலை விலக்கி, செய்தியை அவருடைய கூற்றாகவே வைத்துவிடுகிறது.

இரண்டாவது, "யூன் மாதத்துக்குள் இயன்றளவு விரைவாக". இதில் எத்தனை பெட்டிகள் எந்த நாளில் என்பது இல்லை. யூன் 30 ஆம் திகதி மாலை லொறி வந்தாலும் அவர் சொற்படி நடந்தவராகிவிடுவார். உங்கள் வங்கி உத்தரவாதமும் அதே நாளில்தான் முடிகிறது என்பதைக் கவனித்தீர்களா? அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது, மின்னஞ்சலில் நீங்கள் எழுதாமல் விட்டது. பழைய திகதி மீறப்பட்டது பற்றியோ, அதற்கான நட்டஈடு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. புதிய திகதிக்கு இருதரப்பும் சம்மதித்தால், பழைய திகதியின் இடத்தில் புதிய திகதி வந்துவிட்டது, ஆகவே தாமதமே இல்லை என்று வழங்குநர் வாதிட அது இடம்கொடுக்கிறது. இந்த வாதம் வெல்லுமா தோற்குமா என்பது வேறு; இடம்கொடுக்காமல் எழுத இரண்டு வரிகளே போதும் என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்த இரண்டு வரிகளின் பெறுமதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மே 16 இல் வந்த 15,000 பெட்டிகளின் விலை 24,75,000 ரூபாய். ஒரு வாரத் தாமதத்துக்கு 0.5 வீதம் என்றால் 12,375 ரூபாய். மிகுதியை மூன்று தடவையாக, யூன் 6, 13, 20 ஆம் திகதிகளில் 15,000 வீதம் பெறுவதாக வைத்துக்கொண்டால், அவை மே 9 இலிருந்து முறையே நான்கு, ஐந்து, ஆறு வாரங்கள் பிந்தியவை. எல்லாம் சேர்த்துப் பதினாறு வாரக் கணக்கு: 1,98,000 ரூபாய். மொத்த ஒப்பந்த விலையான 99 இலட்சத்தின் 5 வீதம் என்ற உச்சவரம்புக்கு இது மிகவும் கீழேதான் இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் வரைவின்படி போனால் இந்தத் தொகை பூச்சியமாகிவிடும் அபாயம் உண்டு. (ஓடரில் நட்டஈடு பிந்திய பொருளின் விலைமீதா, முழு ஒப்பந்த விலைமீதா என்று பாருங்கள். நான் குறைவான கணக்கையே எடுத்திருக்கிறேன்.)

இந்தத் தொகையைக் கடைசியில் அறவிடுவதா விடுவதா என்பது வியாபாரத் தீர்மானம். நல்ல வழங்குநர் என்று முகாமையாளர் விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவருடைய உரிமை. ஆனால் விட்டுக்கொடுப்பதை எல்லாப் பெட்டிகளும் களஞ்சியத்துக்கு வந்தபின் செய்யவேண்டும். விலையை 6 வீதம் கூட்டக் கேட்கும் ஒருவருக்கு முன்னால், பேரம் தொடங்கும் முன்பே செய்யக்கூடாது. 45,000 பெட்டிகளுக்கு 6 வீதம் என்பது 4,45,500 ரூபாய். அவர் கேட்பதற்கு எதிரே வைக்க உங்களிடம் இருப்பது இந்த நட்டஈட்டு உரிமைதான்.

காலம் தாழ்த்தியபின் ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா?

நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் உங்கள் நிலைமையின் மையம் இதுதான். நமது நாட்டில் பொருள் விற்பனையை ஆளுவது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. வழங்கும் திகதி ஒப்பந்தத்தின் உயிர்நாடியா இல்லையா, அதாவது அது தவறினாலே ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. வர்த்தகக் கொள்வனவுகளில் நீதிமன்றங்கள் பொதுவாக அதை உயிர்நாடியாகவே பார்க்கும். ஆகவே மே 10 ஆம் திகதி காலையில் நீங்கள் ஒப்பந்தத்தை முறித்திருந்தால், பெரும்பாலும் உங்கள் பக்கமே நியாயம் இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் முறிக்கவில்லை. மே 16 இல் 15,000 பெட்டிகளை எடுத்துக்கொண்டீர்கள். தொலைபேசியில் "எப்போது வரும்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இதனால் மே 9 ஐக் காரணம் காட்டி இனிமேல் திடீரென்று முறிப்பது கடினம். அதற்காக எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1950 இல் தீர்த்த ரிக்கார்ட்ஸ் எதிர் ஒப்பன்ஹைம் வழக்கை நம்மவர்களும் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ரோல்ஸ் ரொய்ஸ் காரின் அடிச்சட்டம் ஒன்றின்மேல் உடற்பாகம் கட்டித்தர ஒருவர் ஓடர் கொடுத்தார். 1948 மார்ச்சில் முடியவேண்டியது முடியவில்லை. அவர் முறிக்காமல் தொடர்ந்து நெருக்கிக்கொண்டே இருந்தார். யூன் இறுதியில் பொறுமையிழந்து, இன்னும் நான்கு வாரத்துக்குள் தராவிட்டால் ஏற்கமாட்டேன் என்று எழுதினார். வேலை முடிந்தது ஒக்டோபரில். அவர் ஏற்க மறுத்தது சரியே என்று நீதிமன்றம் சொன்னது. முதல் திகதியை அவர் கைவிட்டிருந்தாலும், நியாயமான அவகாசத்துடன் தெளிவான அறிவித்தல் கொடுத்ததன் மூலம் காலத்தை மறுபடியும் உயிர்நாடியாக்கிக்கொண்டார் என்பதே காரணம்.

உங்கள் மின்னஞ்சல் இந்த அறிவித்தலின் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். அப்போது அது இரட்டை வேலை செய்யும் கடிதமாகிறது. வழங்குநர் சம்மதித்தால் புதிய அட்டவணை ஒப்பந்தமாகும். சம்மதிக்காவிட்டாலும், யூன் 20 தான் இறுதி நாள் என்று அவருக்கு நியாயமான அவகாசத்துடன் அறிவித்தாயிற்று. அந்த அவகாசம் நியாயமானதாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே, காகிதம் எப்போது வரும் என்று அவர் சொல்லும் திகதியையும் அச்சிட்டு ஒட்டி முடிக்க எடுக்கும் நாட்களையும் கேட்டறிந்து அட்டவணையைப் போடுங்கள். யூனில் பொசன் போயாவை ஒட்டி வேலைத்தளம் எத்தனை நாள் மூடப்படும் என்பதையும் கேளுங்கள். அதைக் கணக்கில் எடுக்காத அட்டவணையை அவர் முதல் வாரத்திலேயே உடைத்துவிட்டு, விடுமுறையைக் காரணம் சொல்வார்.

பகுதி பகுதியாகப் பெறச் சம்மதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே தடவையில் தரவேண்டிய பொருளைப் பகுதிகளாக ஏற்கும்படி எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நீங்களாகச் சம்மதித்துவிட்டால், அதன்பின் ஒரு பகுதி பிந்துவது முழு ஒப்பந்தத்தையும் முறிக்கும் அளவுக்குப் பாரதூரமானதா, அந்தப் பகுதிக்கு மட்டும் நட்டஈடு கேட்கக்கூடிய சிறு மீறலா என்று நீதிமன்றம் தனியாக ஆராயும். இந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், எந்த ஒரு பகுதி பிந்தினாலும் வராத மிகுதி முழுவதையும் இரத்துச்செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்று எழுதிவிடுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்பது தெரியும். கருத்து வழுவாமல் இருப்பதற்காகத் தமிழில் தருகிறேன்.

> பொருள்: கொள்வனவு ஓடர் இலக்கம் (…) – மிகுதி 45,000 பெட்டிகளுக்கான திருத்திய வழங்கல் அட்டவணை – எழுத்துமூலச் சம்மதம் கோரல்
>
> மேற்படி ஓடரின்படி 60,000 பெட்டிகளும் மே 9 ஆம் திகதி வழங்கப்பட்டிருக்க வேண்டும். மே 16 ஆம் திகதி 15,000 பெட்டிகள் பெறப்பட்டன. 45,000 பெட்டிகள் இன்றுவரை வழங்கப்படவில்லை. காகித இறக்குமதி தாமதமானதாக நீங்கள் தெரிவித்துள்ளீர்கள். அதற்கான கப்பல் ஆவணங்களின் பிரதிகளை அனுப்பிவைக்கவும்.
>
> மிகுதியைப் பின்வருமாறு எமது களஞ்சியத்தில் ஒப்படைக்க நீங்கள் சம்மதிக்கவேண்டும் எனக் கோருகிறோம்: யூன் 6 – 15,000, யூன் 13 – 15,000, யூன் 20 – 15,000. இத்திகதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகும். எந்த ஒரு பகுதியேனும் உரிய திகதியில் வராவிடின், அதுவரை வழங்கப்படாத பெட்டிகள் அனைத்தையும் இரத்துச்செய்ய எமக்கு உரிமையுண்டு.
>
> விலை உட்பட ஓடரின் ஏனைய நிபந்தனைகள் யாவும் மாற்றமின்றித் தொடரும். இந்த அட்டவணை மே 9 ஆம் திகதி ஏற்பட்ட மீறலை மன்னிப்பதாகவோ, அத்திகதியிலிருந்து கணக்கிடப்படும் தாமத நட்டஈட்டைக் கைவிடுவதாகவோ ஆகாது. எமது உரிமைகள் எதனையும் நாம் கைவிடவில்லை.
>
> முற்பண வங்கி உத்தரவாதத்தை யூலை 31 வரை நீடிக்கும் வங்கியின் மூலக்கடிதம் யூன் 5 ஆம் திகதிக்குள் எமக்குக் கிடைக்கவேண்டும்.
>
> உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த அதிகாரமுள்ள பணிப்பாளர் ஒருவர், "மேற்படி அட்டவணைக்கும் நிபந்தனைகளுக்கும் சம்மதிக்கிறோம்" என்று மே 30 நண்பகல் 12 மணிக்கு முன் பதிலளிக்கவும். அவ்வாறான சம்மதம் கிடைக்காவிடின் மே 9 என்ற திகதியின் அடிப்படையில் எமக்குள்ள உரிமைகள் தொடரும் என்பதுடன், எவ்வகையிலும் யூன் 20 க்குப் பின் வரும் பெட்டிகள் ஏற்கப்படமாட்டா என்பதற்கான அறிவித்தலாகவும் இதனைக் கொள்ளவும்.

இதைப் படிக்கும்போது கடுமையாகத் தோன்றலாம். தொலைபேசியில் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் இனிமையாகப் பேசுங்கள். எழுத்து மட்டும் இப்படி இருக்கட்டும். திறமையான வழங்குநர்கள் இத்தகைய கடிதத்தால் மனம் நோவதில்லை. திகதி தெளிவாக இருப்பது அவர்களுடைய தொழிற்சாலைத் திட்டத்துக்கும் உதவுகிறது.

பதில் வரும்போதும், வராதபோதும்

மௌனம் சம்மதமாகாது. கல்யாணப் பேச்சில் வேண்டுமானால் அது பொருந்தும், ஒப்பந்தத்தில் பொருந்தாது. பதில் வராவிட்டால் புதிய அட்டவணை பிறக்கவே இல்லை. மே 9 ஐ அவர் மீறிய நிலைதான் தொடர்கிறது. மேலே உள்ள வரைவு அந்த நிலையிலும் உங்களைக் கைவிடாது.

கொழும்பு அலுவலகங்களில் அதைவிட அதிகம் வருவது வேறொரு பதில்: "நோட்டட் வித் தாங்ஸ்". இது கிடைத்தது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் இப்படி எழுதிவிட்டு, பிறகு பணிப்பாளர் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன கோப்பொன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் செலவான காலம் அந்தப் பொருளின் தாமதத்தைவிட நீண்டது. ஆகவே "சம்மதிக்கிறோம்" என்ற சொல் வரும்வரை திருப்பிக் கேளுங்கள், அதைச் சொல்பவர் யார் என்பதையும் பாருங்கள்.

"யூன் 20 சரி, ஆனால் விலை 6 வீதம் கூட" என்று பதில் வந்தால் அது சம்மதமல்ல, ஒரு புதிய முன்மொழிவு. நீங்கள் அதற்குப் பதில் எழுதாமல் யூன் 6 இல் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, புதிய விலையில் வந்த இன்வொய்ஸையும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டால், நடத்தையால் ஏற்றுக்கொண்டதாக அவர் சொல்லலாம். அதே நாளில், விலை மாற்றத்துக்கு நாம் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

முகாமையாளரிடமும் களஞ்சியப் பொறுப்பாளரிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். இந்த விடயம் முடியும்வரை வழங்குநருடன் வட்ஸ்அப்பில் திகதி பற்றிப் பேசவேண்டாம். "பரவாயில்லை, ஆறுதலாக அனுப்புங்கள்" என்று ஒருவர் அனுப்பும் ஒரு செய்தி, நீங்கள் கவனமாக எழுதிய மின்னஞ்சலை அடுத்த நாளே வெறுமையாக்கிவிடும். அந்தச் செய்தியும் அதே இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ்ச் சான்றாகக்கூடியதுதான்.

வங்கி உத்தரவாதம் தானாக நீளாது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நட்டஈடு அல்ல, இந்த யூன் 30. நீங்கள் கொடுத்த முற்பணம் 29,70,000 ரூபாய். முதல் 15,000 பெட்டிகளின் இன்வொய்ஸில் 30 வீதத்தைக் கழித்திருந்தால் 22,27,500 ரூபாய் இன்னும் அவரிடம் இருக்கிறது. யூன் 20 அட்டவணையும் பிந்தினால், நீங்கள் யோசித்து முடிவெடுக்கும் முன் உத்தரவாதம் காலாவதியாகிவிடும். அதன்பின் அது வெறும் காகிதம்.

வழங்குநர் "நீடித்துத் தருகிறோம்" என்று எழுதுவதால் உத்தரவாதம் நீளாது. அதை எழுதிய வங்கி திருத்தக்கடிதம் கொடுத்தால் மட்டுமே நீளும். அந்தக் கடிதம் கையில் வந்ததும், அதில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், வங்கிக் கிளையை நீங்களே வேறு வழியில் தொடர்புகொண்டு உறுதிப்படுத்துங்கள். உத்தரவாதத்தின் வாசகத்தையும் ஒருமுறை படியுங்கள். ஒப்பந்தத்தில் செய்யப்படும் மாற்றங்கள் வங்கியின் பொறுப்பை விடுவிக்காது என்ற வரி பெரும்பாலான உத்தரவாதங்களில் இருக்கும். அது இல்லாவிட்டால், தனக்குத் தெரியாமல் திகதியை மாற்றிவிட்டீர்கள் என்று வங்கி கைவிரிக்க இடமுண்டு. அப்போது அட்டவணை மாற்றத்துக்கு வங்கியின் எழுத்துமூலச் சம்மதத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

யூன் 5 இல் நீடிப்பு வராவிட்டால் மறுபடி நினைவூட்டிக்கொண்டு இருக்கவேண்டாம். வழங்குநர் பொருளையும் தரவில்லை, உத்தரவாதத்தையும் நீடிக்கவில்லை என்ற நிலையில், "நீடியுங்கள் அல்லது செலுத்துங்கள்" என்று வங்கிக்கே எழுதுவது வழமை. உத்தரவாதம் கேட்கும் சொற்களை அப்படியே பயன்படுத்தி, அது குறிப்பிடும் கிளையின் கருமபீடத்தில், வேலைநேரத்துக்குள், கையளித்ததற்கான முத்திரையுடன் கொடுக்கவேண்டும். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கடைசி நாளில் கொழும்பு வீதிகளை நம்பமுடியாது.

(வெளிநாட்டு வழங்குநருக்கு நாணயக் கடிதம் திறந்திருக்கும் வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் புதிய கப்பலேற்றும் திகதிக்குச் சம்மதித்தாலும், நாணயக் கடிதத்தில் உள்ள இறுதிக் கப்பலேற்றும் திகதி மாறாது. அதை வங்கி மூலம் திருத்தவேண்டும். அந்தத் திருத்தத்தைப் பயனாளியும் ஏற்கவேண்டும்.)

வேறிடத்தில் வாங்குவதானால்

இப்போதே முறித்துவிட்டு வேறொருவரிடம் போகலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வராமல் இருந்திருக்காது. அச்சிட்ட பெட்டியில் இது அவ்வளவு இலகுவல்ல. புதிய வழங்குநர் அச்சுத் தகடுகளைச் செய்து, மாதிரிக்கு உங்கள் ஒப்புதலைப் பெற்று, காகிதமும் தேடவேண்டும். யூன் 20 ஐவிட முந்தித் தருவார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் பெயர் அச்சிட்ட பெட்டிகளைப் பழைய வழங்குநர் வேறெவருக்கும் விற்கமுடியாது என்பதையும் மறக்கவேண்டாம். இரத்துச்செய்யும் உரிமை உங்களிடம் இருப்பது அவருக்கு உண்மையான அச்சம்தான்.

ஆகவே முறிக்காமலே இரண்டு காரியங்களைச் செய்துவையுங்கள். அச்சுத் தகடுகளுக்கு யார் பணம் கொடுத்தது, அவை யாருக்குச் சொந்தம் என்று ஓடரில் தேடுங்கள். உங்களுடையவை என்றால் தேவைப்படும்போது திருப்பிக் கேட்கலாம். இன்னொரு வழங்குநரிடமிருந்து 45,000 பெட்டிகளுக்கு எழுத்தில் ஒரு கொட்டேசன் இந்த வாரமே எடுங்கள். பின்னால் முறிக்க நேர்ந்தால், ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் நட்டத்தின் அடிப்படைக் கணக்கு. அன்றைய சந்தை விலைக்கு அந்தக் கொட்டேசன் சான்றாக இருக்கும். கப்பல் முன்பதிவு தவறியதால் வந்த செலவையும் கேட்கலாமா என்பது, உங்கள் ஓடர் தாமத நட்டஈட்டையே தாமதத்துக்கான ஒரே பரிகாரம் என்று சொல்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த வாசகத்தை எனக்கு அனுப்பினால் தனியாகப் பதில் தருகிறேன்.

இறுதியாக, யூன் 6 ஆம் திகதி பற்றி. அன்று வரும் லொறியின் பெட்டிகளை எண்ணி, எத்தனை பெட்டிகள், எத்தனை மணிக்கு என்று பொருள் பெறுகைக் குறிப்பில் எழுதி, கொண்டுவந்தவரின் கையொப்பத்தையும் வாங்கச் சொல்லுங்கள். தாமதம் எத்தனை நாள் என்று கணக்கிடப்போவது அந்தக் குறிப்பிலிருந்துதான். வழங்குநரின் இன்வொய்ஸில் இருக்கும் திகதி பல தடவை பொருள் வந்த நாளைவிட முந்தியதாகவே இருக்கும். 15,000 க்குப் பதிலாக 9,000 வந்தால், அவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எமது உரிமைகளைக் கைவிடாமலே எடுத்துக்கொள்கிறோம் என்று குறிப்பின் கீழே எழுதி, அதே வரியை அன்று மாலையே பணிப்பாளருக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.